தொங்கான் மார்க் பேனா

எங்கள் வீட்டில் எந்த டப்பாவை எடுத்தாலும் அதன் மேல் தாத்தாவின் கையெழுத்து இருக்கும். சீரகம், சோம்பு, மல்லித்தூள். மின்சாரப் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு துண்டுக் காகிதம்: கொல்லை விளக்கு, முன் அறை காற்றாடி, தண்ணீர் சூடாக்கி. ஸ்கூடாயில் எங்கள் குடியிருப்புத் தாமானில் யார் வீட்டிலும் அப்படி நான் பார்த்ததில்லை. காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் அவர் டிரசராக இருந்தவர். தோட்ட மக்களுக்கு மருந்து கலக்கிக் கொடுத்து, புட்டியில் சீட்டு ஒட்டி, எத்தனை வேளை குடிக்க வேண்டும் என்று தமிழிலும் மலாயிலும் எழுதிக் கொடுத்தே பழகிய கை. ஓய்வு பெற்று எங்களோடு வந்த பிறகு ஒட்டுவதற்கு மருந்துப் புட்டி இல்லை. அதனால் எங்கள் சமையலறையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் ஒரே பேனாவில்தான் எழுதுவார். கரும்பச்சை உடல், வெள்ளி நிற மூடி. மூடியின் கிளிப்பில் மூன்று பாய் விரித்த ஒரு சின்னப் படகு பொறித்திருக்கும். அந்தக் காலத்தில் ஆற்றில் சரக்கு ஏற்றி வந்த தொங்கான் படகு அது என்று தாத்தா சொல்வார். படகுக்குக் கீழே சீன எழுத்து இரண்டு. அதை எங்கள் வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அதனால் அது எங்களுக்குத் தொங்கான் பேனா. குளுவாங்கில் வாங்கியது. ஒன்று பழுதானால் அதே கடைக்குப் போய் அதே மார்க்கில் இன்னொன்று வாங்குவாராம். கடைசியாக வாங்கியது அம்மாவின் கல்யாணத்துக்கு முன்னால். நான் பிறந்ததிலிருந்து அவர் சட்டைப் பையில் பார்த்தது அந்தக் கடைசிப் பேனாவைத்தான்.

எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது ஒரு காலையில் தாத்தா வாசலில் செருப்பு மாட்டும்போது விழுந்தார். பக்கவாதம். பக்கத்து வீட்டு அங்கிள் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். அந்தக் களேபரத்தில் பேனா எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. வாசலில் தேடினோம், காரில் தேடினோம், சாக்கடை ஓரம்கூடப் பார்த்தோம். சில நாள் கழித்து அவருக்குப் பேச்சு கொஞ்சம் திரும்பியபோது இடது கையால் நெஞ்சுப் பக்கம் தட்டித் தட்டிக் காட்டினார். அம்மா, "நெஞ்சு வலிக்குதாப்பா?" என்று பதறினாள். எனக்கு மட்டும் புரிந்தது. அவர் பையைத்தான் தட்டினார்.

வலது கால் ஓரளவு மீண்டது. வலது கை மீளவில்லை. விரல்கள் பாதி மூடிய நிலையிலேயே நின்றுவிட்டன. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த அக்கா, இடது கையால் தினமும் கொஞ்சம் எழுதிப் பழகச் சொன்னார். அம்மா பால்பாயிண்ட் பேனாவும் வரி போட்ட தாளும் வாங்கி வைத்தாள். தாத்தா ஒரு வரி எழுதுவார், கை நடுங்கும், வைத்துவிடுவார். பால்பாயிண்டை அழுத்தினால்தான் உள்ளே இருக்கும் குண்டு உருளும், மை இறங்கும். அந்த அழுத்தம் பழகாத இடது கையில் இல்லை.

"மைப் பேனான்னா அழுத்தவே வேணாம்லா," என்றேன் அம்மாவிடம். "அது சும்மா தாள் மேல பட்டாலே எழுதும்."

இணையத்தில் தேடினோம். படகு மார்க் என்று போட்டால் படகுதான் வந்தது. பேனா வரவில்லை. பார்ப்பதற்கு அதே மாதிரி இருந்த ஒன்றை அம்மா வரவழைத்தாள். தாத்தா அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல ஒரு முறை தூக்கிப் பார்த்தார். மூடியைக் கழற்றி மாட்டினார். "டக்" என்று சத்தம் வந்தது. அவர் பேனாவின் மூடி சத்தம் போடாது, வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். "இல்ல," என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க அவருக்கு அப்போது வெகுநேரம் பிடித்தது. அதற்கு மேல் அவரோடு வாதாட யாருக்கும் மனம் வரவில்லை.

அம்மாவின் கல்யாண ஆல்பத்தில் மணவறைக்குப் பக்கத்தில் தாத்தா நிற்கும் படம் ஒன்று உண்டு. பையில் பேனா. அதைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன். படகு தெரிந்தது. எழுத்து இரண்டும் பொடிப் பூச்சி மாதிரி கலங்கிப் போயிருந்தன. அந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி ஜொகூர் பாருவுக்குப் போனேன்.

பழைய நகரத்தில் எனக்குத் தெரிந்தது கோயிலும் நகைக்கடைகளும் மட்டும்தான். அன்றைக்கு அந்தத் தெருக்களை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்து நடந்தேன். மாடியில் மரச் சன்னல், கீழே கடை, ஐந்தடி நடைபாதையில் வாழைப்பழக் கேக் வாசனை. ஒரு பழைய எழுதுபொருள் கடையில் சீனத் தாத்தா ஒருவர் என் கைப்பேசியை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பார்த்ததும் சிரித்தார்.

"இது நாங்க வித்ததுதான். கம்பெனி மூடி ரொம்ப நாளாச்சு," என்றார் மலாயில். "புதுசு எங்கேயும் கிடைக்காது. பின்னாடி பாசார் காராட்டுக்குப் போய்ப் பாரு. பழசு எல்லாம் அங்கதான் போய்ச் சேரும்."

காராட் என்றால் துரு. பெயருக்கு ஏற்ற சந்தை. வெயில் சாயும் நேரத்துக்கு ஆற்றோரத் தெருவில் ஆட்கள் தார்ப்பாயை விரித்துச் சாமான்களைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். நின்றுபோன கைக்கடிகாரம், தட்டச்சு இயந்திரம், மண்ணெண்ணெய் விளக்கு, யாரோ குடும்பத்தின் சட்டம் போட்ட படம், ஜோடி இல்லாத காலணி. பேனா இருந்த இடங்களில் எல்லாம் குனிந்தேன். வங்கி கொடுத்த பேனா, ஹோட்டல் பேனா. தெரு முடியப் போகும் இடத்தில் ஓலைத் தொப்பி போட்ட சீன ஆன்ட்டி ஒருத்தர் சின்ன மின்விசிறியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அடிக், சாரி அபா?" தங்கச்சி, என்ன தேடுற?

படத்தைக் காட்டினேன். அவருக்குப் பேனாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. குளுவாங்கில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது மொத்தமாக எடுத்த சாமான் என்று சொல்லி சீனர்களின் நிலாப் பணியாரம் வருகிற டின் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "நீயே பாரு லா."

டின் நிறைய பேனா. மூடி ஒன்று, உடல் வேறு, துருப்பிடித்த நிப்புகள். அடியில் கைவிட்டுக் கிளறியபோது ஒரு கிளிப் விரலில் பட்டது. எடுத்தேன். மூன்று பாய். அலமாக் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்துத் தார்ப்பாய்க்காரர் திரும்பிப் பார்த்தார். இன்னும் கிளறினேன். இன்னொன்று, அட்டைப் பெட்டியோடு. பெட்டியில் இருந்தது புதுசு, ஒட்டுச்சீட்டுகூடப் பிரிக்காதது. முதலில் கிடைத்தது யாரோ நெடுங்காலம் எழுதியது. மூடியில் பொடிக் கீறல்கள், உடலில் விரல் பிடித்த இடம் மட்டும் மினுமினுப்பு.

கிளம்புவதற்கு முன் பல வீடியோ பார்த்து வைத்திருந்தேன். பையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு சின்ன மை பாட்டிலும் கொண்டுபோயிருந்தேன். ஆன்ட்டியிடம் ஒரு நெகிழிக் குவளை கேட்டு வாங்கித் தண்ணீர் ஊற்றினேன். இந்த மார்க் பேனாவில் மைக்குழாயைத் தனியாகக் கழற்ற முடியாது. பின்பக்க உடலைத் திருகிக் கழற்றினால் உள்ளே உலோக உறைக்குள் ஒரு மெல்லிய பை இருக்கும். உறையின் பக்கத்தில் ஒரு தகடு. முனையைத் தண்ணீரில் முக்கித் தகட்டை அழுத்தினால் பையில் உள்ள காற்று குமிழியாக வெளியே வர வேண்டும். விட்டால் பை உப்பித் தண்ணீரை உறிஞ்ச வேண்டும். குமிழி வரவில்லை என்றால் பை கிழிந்திருக்கிறது, அல்லது அடைப்பு. புதுப் பேனாவில் குமிழி அழகாக வந்தது. பை மஞ்சளாகியிருந்தாலும் இறுகவில்லை. நாலைந்து தடவை அழுத்தி விட்டதும் நிறைந்தது. தலைகீழாகப் பிடித்தேன், ஒழுகவில்லை.

நிப்பைப் பார்ப்பதுதான் கஷ்டம். இந்தப் பேனாவில் நிப் முழுக்க ஒரு கூட்டுக்குள் ஒளிந்திருக்கும். ஆமை தலை நீட்டுவது மாதிரி நுனி மட்டும்தான் வெளியே தெரியும். அதனால்தான் மூடாமல் கொஞ்ச நேரம் வைத்தாலும் மை காயாது. கைப்பேசியைக் கிட்டே பிடித்து இரண்டு பேனாவின் நுனியையும் பெரிதாக்கிப் படம் எடுத்தேன். நடுப் பிளவு நேராக இருக்கிறதா, இரண்டு பாதியும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டும் சரியாகத்தான் தெரிந்தன. மையில் முக்கி எழுதிப் பார்த்தேன். புதுசு வழவழவென்று ஓடியது. பழசு தாளைப் பிராண்டியது. சுழி போடும்போது கோடு விட்டு விட்டு வந்தது. பழசை டின்னில் திரும்பப் போட்டுவிட்டுப் புதுசை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மூன்று நாலு தடவை திறந்து மூடியிருப்பேன்.

தாத்தா கிளிப்பை முதலில் கட்டை விரலால் தடவினார். மூடியைக் கழற்றினார். சத்தமில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தின் வலது பக்கம் அப்போது சரியாக அசையாது. இடது பக்கம் மட்டும் சிரித்தது.

மை நிரப்பிக் கொடுத்தேன். பழக்கத்தில் பேனாவை முதலில் வலது கையில்தான் வைத்தார். விரல்கள் மூடவில்லை. பேனா நழுவி மேசையில் உருண்டது. பிறகு இடது கையில் வாங்கினார். எழுதத் தொடங்கியதுமே நுனி தாளில் குத்தி நின்றது. மறுபடி வைத்தார். கோடு வந்தது, நின்றது, தாள் கிழிந்தது. அம்மா, "மெதுவாப்பா" என்றாள். மெதுவாகத்தான் எழுதினார். மூன்றாவது தடவை கிழிந்ததும் மூடியைப் போட்டார்.

"பேனா சரிதான்," என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "கைதான் வேற," என்றார்.

பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அது பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. கிடைத்ததே என்ற சந்தோஷம் எனக்குள் அப்படியே வற்றிப்போனது. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் வேறு வேலையும் இல்லை. ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது அந்தப் பேனாவை எடுத்து நானே இடது கையில் எழுதிப் பார்த்தேன்.

அப்போதுதான் விளங்கியது. வலது கைக்காரர் இடமிருந்து வலம் எழுதும்போது பேனாவைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார். நிப் தாள் மேல் சறுக்கும். இடது கைக்காரர் அதே திசையில் எழுத வேண்டுமானால் பேனாவை முன்னால் தள்ள வேண்டும். கூரான நுனியைத் தள்ளினால் தாளில் குத்தத்தானே செய்யும். அதுவும் தமிழ் எழுத்து. ஒரு ஞ எழுதுவதற்குள் பேனா நாலு திசைக்கும் போய்த் திரும்புகிறது. போதாததற்குத் தாத்தா இடது கையில் பேனாவைப் பிடிக்கும்போது அது உள்பக்கம் கொஞ்சம் உருண்டு விடும். நிப் கூட்டுக்குள் இருப்பதால் உருண்டது வெளியே தெரியாது. தட்டையாக உட்கார வேண்டிய நுனி, ஓரத்தில் நிற்கும்.

நுனியைப் பார்ப்போம் என்று கைப்பேசியில் சந்தையில் எடுத்த படங்களைத் திறந்தேன். புதுப் பேனாவின் முனையில் இருந்த உலோகக் குமிழ் மணி மாதிரி உருண்டையாக இருந்தது. அடுத்த படம் நான் வேண்டாம் என்று போட்ட பழைய பேனா. அதன் குமிழில் ஒரு பக்கம் சீவியது போலச் சாய்ந்து தேய்ந்திருந்தது. சந்தையில் பிளவை மட்டும் பார்த்தேனே தவிர இதைப் பார்க்கவில்லை. நிப்பு நுனியில் வைத்திருப்பது கடினமான உலோகம்தான். ஆனாலும் ஒரே ஆள் வருடக்கணக்காக எழுதினால் அவர் பிடிக்கிற சாய்வுக்கு அது தேய்ந்துகொடுக்கும். ஒருவர் போட்டுத் தேய்த்த செருப்பை இன்னொருவர் போட்டால் கால் ஒரு பக்கம் சரிகிற மாதிரி, வேறு கையில் அது பிராண்டும். அந்தத் தேய்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கப் படத்துக்கு மேல் என் கையை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வலது கையில் எப்படிப் பிடித்தாலும் பொருந்தவில்லை. இடது கையில் பொருந்தியது.

அதை எழுதியவர் இடக்கைக்காரர்.

அடுத்த சனிக்கிழமை ஓடினேன். மழை. தெருவில் ஒரு தார்ப்பாய்கூட இல்லை. நடைபாதையில் நின்று தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்கு அடுத்த வாரம் ஓலைத் தொப்பி இருந்தது, டின்னைக் காணோம்.

"சிங்கப்பூர் அங்கிள் ஒருத்தர் வந்தாரு. மொத்தமும் எடுத்துக்கிட்டாரு," என்றார் ஆன்ட்டி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, அடக்கவும் முடியவில்லை. ஆன்ட்டி பயந்துபோய் மின்விசிறியை என் முகத்துக்கு நேராகத் திருப்பினார். எந்தப் பேனா, எதற்கு என்று கேட்டார். தாத்தாவின் கையைப் பற்றிச் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தன் பின்னால் இருந்த நெகிழிப் பையைக் கவிழ்த்தார்.

"நல்லதா பாத்து அவர் எடுத்துக்கிட்டாரு. எழுதாததெல்லாம் இங்கேயே வெச்சிட்டுப் போயிட்டாரு. குப்பைன்னு நினைச்சேன்."

ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு. நடுவில் மூன்று பாய்ப் படகு. அந்தச் சிங்கப்பூர்க்காரர் கையிலும் பிராண்டியிருக்கிறது, நல்ல வேளை. அங்கேயே குந்திக்கொண்டு மையில் முக்கி, இடது கையில் பிடித்து, உள்பக்கம் கொஞ்சம் உருட்டி, ஒரு ஞ எழுதினேன். என் இடது கை எழுதிய கோணல் ஞதான். ஆனால் பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஆன்ட்டிக்கு அந்த எழுத்து எதுவோ படம் மாதிரி தெரிந்திருக்க வேண்டும். "சாந்தெக்," என்றார். அழகு என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே கொடுத்துவிடவில்லை. உள்ளே யாருடைய மையோ காய்ந்து கிடந்தது. சுடுதண்ணீரில் போட்டால் பை சுருங்கிவிடும், கூடு நெளிந்துவிடும். பச்சைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு முனையை ஊற வைத்தேன். அம்மா சாதம் வடித்துக்கொண்டே வந்து வந்து பார்த்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நுனியிலிருந்து ஒரு நீல நூல் மெல்ல இறங்கிக் குவளையின் அடியில் படிந்தது. தண்ணீரை மாற்றினேன், அழுத்தி அழுத்தி உறிஞ்சி விட்டேன், மறுபடி ஊற வைத்தேன். கறுப்பாக இருந்தது நீலமானது, வெளிறியது. மறுநாள் காலையில் தண்ணீர் தெளிவாக நின்றது.

தாத்தா பசியாறி முடித்ததும் கொடுத்தேன். பழைய பேனா என்று தெரிந்ததும் புருவத்தைத் தூக்கினார்.

"இது வேற ஒருத்தர் எழுதினது தாத்தா. அவருக்கும் இடது கை."

தாளில் வைத்தார். நானும் அம்மாவும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் அம்மாவின் பெயரை எழுதினார். எழுத்துக்கள் பெரிது பெரிதாக, பின்பக்கம் சாய்ந்து, பாலர் பள்ளிப் பிள்ளை எழுதியது போல இருந்தன. தாள் கிழியவில்லை. அடுத்து என் பெயர். அதற்கு அடுத்து அவர் பெயர். பேனாவைத் தூக்கி நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"யாரு பாப்பா அந்த ஆளு?"

"தெரியல தாத்தா. குளுவாங்ல ஒரு வீடாம்."

"குளுவாங்கா," என்றார். அவர் பேனா வாங்கிய அதே ஊர். ஒருவேளை அதே கடை. தாத்தாவும் அந்த ஆளும் ஒரே நாளில் அங்கே நின்று மை வாங்கியிருக்கவும் கூடும். அவர் என்ன நினைத்தாரோ, பேனாவை மறுபடி தாளுக்குக் கொண்டுபோனார். அந்தப் பேனாவைப் பிடித்த இடத்தில் முன்பே ஒருவர் பிடித்துத் தேய்த்த மினுமினுப்பு இருந்தது. தாத்தாவின் விரல்கள் சரியாக அதன் மேல் இருந்தன.

இப்போது நான் எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். காலையில் பாலத்தில் பஸ் ஊர்ந்து போகும்போது அந்த விடுமுறை அடிக்கடி நினைவுக்கு வரும். நீல நூல் இறங்கிய குவளையும், ஒரு பக்கம் மட்டும் சிரித்த முகமும் வரும். தாத்தா இருக்கிறார். வலது கை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் புதுப் பேனாவை நான் வைத்துக்கொண்டேன்.

இடது கையால் எழுதுவதில் இன்னொரு தொல்லை உண்டு என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. எழுதிய வரி காய்வதற்குள் கை அதன் மேலேயே நகரும். தாத்தாவின் உள்ளங்கை ஓரம் எப்போதும் நீலமாக இருக்கும். தாளை வலது பக்கம் சாய்த்து வைத்து, கை வரிக்குக் கீழே வருகிற மாதிரி எழுதச் சொல்லிக் காட்டினேன். சில நாள் செய்தார், பிறகு மறந்துவிடுவார். தலையணை உறையில் மை, வேட்டியில் மை, சோபாவில் மை. அம்மா திட்டிக்கொண்டே துவைப்பாள்.

பேனா கிடைத்த அந்த வருடக் கடைசியில் பெரியம்மா மகனின் கல்யாணம். மண்டபத்தில் தாத்தாவை முன் வரிசையில் உட்கார வைத்திருந்தோம். தோட்டத்து ஆட்கள் நிறைய பேர் வந்திருந்தார்கள். டிரசர் ஐயா, டிரசர் ஐயா என்று வந்து கையைப் பிடித்தார்கள். அவர் இடது கையையே எல்லோருக்கும் நீட்டினார். ஒரு அம்மா அந்தக் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயோ, என்னங்கய்யா, அடி பட்டுடுச்சா? நீலம் பாய்ஞ்சிருக்கு!" என்றார்.

"மைம்மா," என்றார் தாத்தா. இந்தத் தடவை சொல் சட்டென்று வந்தது. "எழுதிட்டு இருந்தேன்."